நான்காவது முறையும் அதே ஃபார்ம்

அன்று காலை பதினொன்றரை மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

கணேசமூர்த்தி. கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சியின் ஓனர். அவர் அறைதான் அது.

சிந்து. அங்கே ரெக்ரூட்டர். சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம்.

சோனியா. இன்னொரு ரெக்ரூட்டர். காதில் ஹெட்செட், முதுகு எங்கள் பக்கம்.

ஷ்ரேயாஸ். ஆள் எடுக்கும் கம்பெனியின் எச்.ஆர். பெங்களூரின் அடுத்த கோடியில், வைட்ஃபீல்டில் உட்கார்ந்திருந்தான். எங்களுக்கு லேப்டாப் திரையில் முகம் மட்டும்.

பரத். நான்தான்.

இதில் தப்பு செய்தவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை வைத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

வைட்ஃபீல்டில் இரண்டரை வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்காக அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கூப்பிட்டு, இந்த நோயாளியின் க்ளெய்ம் ஏன் இன்னும் பாஸ் ஆகவில்லை என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிப்ரவரியில் ஒருநாள் சாயங்காலம் கம்பெனி கார் வந்து வாசலில் நின்றது. டிரைவர் ஃபோன் செய்தார். "நீங்க போங்கண்ணா" என்றேன். மறுநாளும் வந்தது, மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் கார் வரவில்லை. ராஜினாமா, நோட்டீஸ் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு மெயில் அனுப்பினார்கள். திறக்கவில்லை. சொல்லாமல் ஓடிப்போனவன் என்று அவர்கள் ரெக்கார்டில் ஏறிவிட்டது. ரிலீவிங் லெட்டர் வராது.

வேலை போன பிறகும் உடம்பு நைட் ஷிஃப்டிலேயே இருந்தது. பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி முழுக்க விழிப்பு. அப்படியே ஜூலை வந்தது. பகல் ஷிஃப்டில் ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து ரெஸ்யூமெ அனுப்பினேன். பழைய கம்பெனிக்கு நேராக 'இன்றுவரை' என்று போட்டேன். ரூம்மேட் நாகேஷ் சொன்ன யோசனை அது. அவன் கே.ஜி.எஃப் தமிழன், கம்மனஹள்ளியில் ஒரு மொபைல் கடையில் வேலை செய்கிறான், எல்லாவற்றுக்கும் யோசனை வைத்திருப்பான். பேச்சில் பாதி கன்னடம் கலக்கும், என்னை மகா, குரு என்றுதான் கூப்பிடுவான்.

"நடுவுல கேப் காட்டாத மகா. கேப்ப பாத்தா எச்.ஆரு, நாய பாத்த டெலிவரி பையன் மாதிரி ஓடிருவான்."

இரண்டு நாள் கழித்து சிந்து கூப்பிட்டாள். முதல் ஃபோனிலேயே எனக்குப் பகல் வேலை மட்டும்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். ஐந்து மாதமாக நாகேஷைத் தவிர யாரிடமும் பேசாததாலோ என்னவோ, தூக்கம் வராததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "ஒரு ஃபார்ம் அனுப்புறேன் சார், ஃபில் பண்ணி ரிப்ளை பண்ணுங்க" என்றாள்.

மெயிலுக்குள் ஒரு கட்டம். பெயர், பிறந்த தேதி, பான் நம்பர், மொத்த அனுபவம், இந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட், கடைசியாக வேலை செய்த நாள், விலகும் காரணம். எல்லாம் ரெஸ்யூமெயில் இருப்பதுதான், இல்லாவிட்டால் நான் அதில் மறைத்ததுதான். படுத்தபடியே ஃபோனில் நிரப்பி அனுப்பினேன்.

நான்கு நாளில் கூகிள் ஃபார்ம் ஒன்று வந்தது. அதே கேள்விகள். நிரப்பினேன். அடுத்து எக்ஸெல் ஷீட். அதே கேள்விகள், இந்த முறை மஞ்சள் கலரில். அதற்கு அவள் ஃபோனும் செய்தாள். மதியம் இரண்டு மணி, நல்ல தூக்கத்தில் இருந்தேன்.

"பரத் சார், தூங்கிட்டிருந்தீங்களா?"

"சொல்லுங்க மேடம்."

"எக்ஸெல் ஒண்ணு அனுப்பியிருக்கேன் சார். கொஞ்சம்..."

"போன வாரமே ஃபில் பண்ணேனே. அதுக்கு முந்தின வாரமும் பண்ணேன்."

"ஆமா சார், பண்ணீங்க. இத மட்டும் ரெஸ்யூமெயும் பே ஸ்லிப்பும் பக்கத்துல வச்சிக்கிட்டு பண்ணுங்க சார். தேதியெல்லாம் ஒரு தடவ செக் பண்ணிட்டு."

"அதுல இருக்கறததான இதுலயும் எழுதப்போறேன்? நீங்களே காப்பி பண்ணிக்கலாமே."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. யாரோ பக்கத்தில் பேசுவது கேட்டது.

"நாங்க எழுதக்கூடாது சார். நீங்கதான் எழுதணும். தேதி மட்டும் பாத்துக்கோங்க சார்."

அவள் தயங்கியதை நான் மந்தம் என்று எடுத்துக்கொண்டேன். எழுதிக்கொடுத்ததை வாசிக்கிற பெண், இவளுக்கு மேலே ஒரு மேனேஜர், அவனுக்கு ஒரு டார்கெட், என்னை வைத்து ஏதோ கணக்குக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். எக்ஸெல்லை இரண்டு நிமிடத்தில் நிரப்பினேன். பே ஸ்லிப்பை எடுக்கவில்லை. முந்தைய ஃபார்ம்களில் என்ன எழுதினேன் என்றும் பார்க்கவில்லை. கடைசி வேலை நாள் என்ற இடத்தில் அந்த நேரத்துக்கு வாயில் வந்த தேதியைப் போட்டேன். பொய்யை ஒழுங்காகச் சொல்லக்கூட எனக்குச் சோம்பல்.

பத்து நாள் கழித்து நான்காவது மெயில் வந்தது. இணைத்திருக்கும் ஃபார்மை மறுபடி நிரப்பி விரைவில் அனுப்பவும் என்று இரண்டே வரி. இந்த முறை சி.சி.யில் இரண்டு பெயர் இருந்தது. ஒன்று கணேசமூர்த்தி, இன்னொன்று ஷ்ரேயாஸ், ஆள் எடுக்கும் கம்பெனியின் அட்ரஸோடு.

நாகேஷிடம் காட்டினேன். அவன் சப்பாத்தியை மென்றுகொண்டே படித்தான்.

"ஒரே ஃபார்ம நாலு தடவயா? என்ன குரு இது, ரேஷன் கார்டா வாங்கற? சும்னே விடாத. ரிப்ளை ஆல் போடு. அவ ஓனருக்கும் போகட்டும், கம்பெனிக்கும் போகட்டும். ப்ரூஃபோட போடு."

"என்ன ப்ரூஃப்?"

"முன்னாடி ஃபில் பண்ணது மூணும் இருக்குல்ல? அத ஒண்ணா கட்டி அனுப்பு."

எனக்கு அது பிடித்திருந்தது. மூன்று ஃபார்மையும் வரிசையாக ஒரே பி.டி.எஃப் ஆக்கினேன். மெயிலில் எழுதினேன்: நான் உங்களுக்கு ஏற்கெனவே மூன்று முறை பதில் கொடுத்துவிட்டேன், ஆதாரம் இணைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுக்கவும். சிந்து மேடத்துக்கு வேறு வேலை பொருத்தமாக இருக்கும்.

கடைசி வரியை நாகேஷ் சொல்லவில்லை. அது நானே எழுதியது. ரிப்ளை ஆல் அழுத்தினேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் இருட்டில் தூங்கினேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் கணேசமூர்த்தி ஃபோன் செய்தார்.

"பரத் தம்பியா? நாளைக்கு பதினொன்றரைக்கு ஆஃபீசுக்கு வந்துருங்க. லிங்கராஜபுரம்தான், பேக்கரிக்கு மேல. க்ளையன்ட் வீடியோல பேசணும்ங்கறாங்க."

மன்னிப்புக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டேன்.

சிந்துவை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒல்லியான பெண், இருபத்து மூன்று இருக்கலாம். நான் உள்ளே வந்ததும் எழுந்து, "வாங்க பரத் சார், உக்காருங்க" என்றாள். அந்த மெயிலுக்குப் பிறகும் அப்படித்தான் சொன்னாள். அவள் போட்டுக் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஷ்ரேயாஸ் ஆங்கிலத்தில்தான் பேசினான். வணக்கம் சொன்னான், என் பெயரை உறுதி செய்துகொண்டான், திரையில் என் பி.டி.எஃப்பைத் திறந்தான். மூன்று பக்கத்தையும் அருகருகே வைத்து, ஒரே ஒரு வரியை மூன்றிலும் மஞ்சளாக்கினான்.

கடைசியாக வேலை செய்த நாள். முதல் ஃபார்மில் ஜூன் முப்பது. இரண்டாவதில் மே முப்பத்தொன்று. மூன்றாவதில் ஜூலை பதினைந்து. ரெஸ்யூமெயில் இன்றுவரை.

"இதில் எது சரி?" என்று கேட்டான்.

எதுவும் சரியில்லை. பிப்ரவரி பதினொன்று. நான் ஆதாரம் என்று அனுப்பியது இதுதான். யாரும் கேட்காமல், நானே ஒன்றாகக் கட்டி, எல்லோருக்கும் அனுப்பியிருந்தேன்.

என் பதிலுக்காக அவன் காத்திருக்கவில்லை. அவன் கோபம் கணேசமூர்த்தி மேல். "தேதி இரண்டு முறை பொருந்தவில்லை என்றால் ஆளை ரிஜெக்ட் செய்து எங்களுக்குச் சொல்ல வேண்டும். எழுத்தில் கொடுத்திருக்கிறோம். உங்கள் ரெக்ரூட்டர் மூன்று பொருந்தாத ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு நான்காவது கேட்டிருக்கிறார். பொருந்துகிற வரை கேட்பதுதான் உங்கள் முறையா?"

கணேசமூர்த்தி சிந்துவைப் பார்த்தார். தமிழில் கேட்டார். "என்னம்மா இது? ரெண்டாவதுலயே ரிஜெக்ட் போட்டிருக்க வேண்டியதுதான?"

"கேண்டிடேட் அவசரத்துல போட்டிருப்பாருன்னு நெனச்சேன் சார். ஃபோன்ல சொன்னேன். தேதி செக் பண்ணுங்கன்னு ரெண்டு தடவ சொன்னேன். என்ன தேதி போடணும்னு சொல்லல சார். அத சொல்லக்கூடாதுன்னு தெரியும்."

"ரெக்கார்டிங் எடு."

"ஏழு நாள்தான் சார் இருக்கும். அந்தக் கால் முடிஞ்சு பன்னெண்டு நாளாச்சு."

கணேசமூர்த்தி அதை ஷ்ரேயாஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். தேதியைச் சரிபார்க்கச் சொன்னது எங்கள் விதிப்படி சரி, சொல்லியிருந்தால் அது எச்சரிக்கை கொடுத்த மாதிரி, அப்படியென்றால் தாமதமாகத் தெரிவித்தார் என்பது மட்டும்தான் குற்றம் என்றார். சொல்லியிருக்காவிட்டால் வேறு கதை. பொருந்தாததை மறைத்து வைத்து ஆளைத் தள்ளிவிடப் பார்த்தார் என்று ஆகிவிடும்.

"அப்படியானால் கேண்டிடேட்டையே கேட்கலாம்" என்றான் ஷ்ரேயாஸ். "பரத், தேதியைச் சரிபார்க்கும்படி இவர் உங்களிடம் ஃபோனில் சொன்னாரா?"

யோசிக்க நேரம் இருந்தது. அவசரத்தில் உளறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. பின்னால் சோனியா யாரிடமோ, "நோட்டீஸ் பீரியட் எவ்ளோ சார்? அறுபதா, தொண்ணூறா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சொன்னார் என்று நான் சொன்னால், எச்சரித்த பிறகும் தெரிந்தே தப்பான தேதி போட்டவன் நான். பகல் வேலை போய்விடும். இதைத்தான் யோசித்தேன். அவளைப் பற்றி யோசிக்கவில்லை.

"இல்ல" என்றேன். "ஃபார்ம் ஃபில் பண்ணச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

சோனியாவின் குரல் நின்றது.

"சார்," என்றாள் சிந்து, "பே ஸ்லிப் பக்கத்துல வச்சிக்கோங்கன்னு சொன்னேனே சார். மத்தியானம். நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல."

அவள் கோபப்படவில்லை. ஒரு கேண்டிடேட் 'இப்போ இன்ட்ரஸ்ட் இல்ல' என்று சொல்லும்போது ரெக்ரூட்டர் முகம் எப்படி ஆகுமோ, அப்படித்தான் ஆனது. வேலையின் ஒரு பகுதி போல.

ஷ்ரேயாஸ் ஏதோ டைப் செய்தான். கன்சல்டன்சி சரியாக விளக்கவில்லை என்று எழுதிக்கொள்கிறேன், நடவடிக்கை எடுத்துவிட்டு இன்றைக்குள் மெயில் போடுங்கள் என்றான். பிறகு என்னிடம், கொஞ்சம் நல்ல குரலில் பேசினான்.

"பரத், எனக்கு இந்த மாதத்துக்குள் இருபத்தைந்து பேர் வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களிடம் ஃபோனில் பேசிய உங்கள் அனுபவம் எங்களுக்குத் தேவை. ஒரு முறை சரியாக நிரப்பிக் கொடுங்கள். எப்படியும் பி.எஃப் கணக்கில் விலகிய தேதி தெரிந்துவிடும். ரிலீவிங் லெட்டர் இல்லையென்றால் பரவாயில்லை. பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் போதும். நைட் ஷிஃப்டிலிருந்து வருகிற பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். நடுவில் இடைவெளி இருந்தாலும் சிக்கல் இல்லை. மூன்று தேதி இருந்தால்தான் சிக்கல்."

திரை அணைந்தது.

பரவாயில்லை என்றான். முதல் நாளே பிப்ரவரி பதினொன்று என்று எழுதியிருந்தால் முதல் ஃபார்மோடு முடிந்திருக்கும்.

கணேசமூர்த்தி மோசமான ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அம்மா சிந்து. அவங்க ஆக்‌ஷன் எடுத்தாச்சுன்னு மெயில் கேக்கறாங்க. இந்த ஒரு க்ளையன்ட்ட வச்சுதான் இந்த ஆஃபீஸ் வாடகையே போவுது. நான் என்ன பண்ணட்டும் சொல்லு?"

"அடுத்த மாசம் ஆறு மாசம் முடியுது சார்."

"தெரியும்மா."

"வேற க்ளையன்ட் பக்கம் மாத்தி..."

"வேற க்ளையன்ட் எங்கம்மா இருக்கு?"

அவள் தலையசைத்தாள். அழவில்லை. உடனே சிஸ்டத்தை மூட ஆரம்பித்தாள். கணேசமூர்த்தி, அந்த ஃபார்மை மட்டும் ஒரு ப்ரின்ட் எடுத்துத் தம்பியிடம் கொடுத்துவிடு என்றார். கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினால் இனிப் பேச்சே இருக்காது என்றார். பிறகு மெயில் எழுத லேப்டாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். பென்சிலால் ஒரு வரிக்கு நேராகச் சின்னதாகப் புள்ளி வைத்தாள்.

"இந்த எடத்த மட்டும் பாத்து எழுதுங்க சார்."

நான் மெதுவாகக் கேட்டேன். "ரெண்டாவதுலயே ரிஜெக்ட் போட்டிருக்கலாமே. எதுக்கு விட்டீங்க?"

"ரிஜெக்ட் போட்டா ஆறு மாசத்துக்கு உங்க பேரு அந்தக் கம்பெனிக்குப் போகாது சார். பகல் வேலதான் வேணும்னு சொன்னீங்கல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "என்னைய ரொம்ப நல்லவன்னு நெனைக்காதீங்க சார். எனக்கும் இந்த மாசம் ஒரு ஜாயினிங் வேணும். நான் அனுப்புற ஆள் ஒருத்தராவது வேலைல சேந்தாத்தான் கன்ஃபர்ம் பண்ணுவாங்க. நீங்க மட்டும்தான் இன்டர்வியூ வரைக்கும் போற மாதிரி இருந்தீங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். ஷ்ரேயாஸ் இல்லை. மெயில் இன்னும் போகவில்லை, கணேசமூர்த்தி டைப் செய்துகொண்டுதான் இருந்தார். இரண்டு விரலால் டைப் செய்கிற ஆள், நேரம் இருந்தது.

"சார்" என்றேன்.

கணேசமூர்த்தி நிமிர்ந்தார். "என்ன தம்பி, பேனா எழுதலயா?"

சிந்துவும் பார்த்தாள்.

"இல்ல சார். எழுதுது."

அவர் மறுபடி குனிந்தார். கொஞ்ச நேரத்தில் என்டர் தட்டும் சத்தம் கேட்டது.

சிந்து ஐ.டி. கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஹெட்செட் ஒயரைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள். டிஃபன் பையை எடுத்தாள், தண்ணீர் பாட்டில் காலி என்று குலுக்கிப் பார்த்து அதையும் பையில் போட்டாள். சோனியா எழுந்தாள். ஹெட்செட் ஒயர் இழுத்துப் பிடித்ததில் பாதி குனிந்தபடியே சிந்துவின் தோளைத் தொட்டாள்.

"சாயங்காலம் ரூமுக்கு வரேன்டி."

"வா. என் லிஸ்ட்ல மூணு மணிக்கு ஒரு கேண்டிடேட்டுக்கு கால் இருக்கு. அவருக்கு அப்பா ஆஸ்பத்திரில, மெதுவா பேசு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வரேன் சார்" என்று கணேசமூர்த்தியிடம் சொன்னாள். "வரேன் பரத் சார்" என்று என்னிடமும் சொன்னாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். ஒரு செருப்பின் வார் மடங்கியிருந்தது. ஒற்றைக் காலில் நின்று அதை நிமிர்த்தினாள்.

நான் ஃபார்மில் குனிந்தேன். பென்சில் புள்ளிக்கு நேராக பதினொன்று, பிப்ரவரி என்று எழுதினேன். உண்மையை எழுத அப்போது எனக்கு எதுவும் செலவாகவில்லை. அதற்குக் கீழே விலகிய காரணம் என்று இருந்தது. அதை எழுதாமல் விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

அவள் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. கணேசமூர்த்தி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒருத்தர அனுப்புனா அன்னிக்கு பூட்டி வெக்கணும் தம்பி. டேட்டா விஷயம், க்ளையன்டே கேப்பாங்க. நீங்க எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டே சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினார்.